அரசிதழில் ஒரு வரி

தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமைதோறும் வெளிவருகிறது. அதன் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பெயர்கள் வரும். எல்லா அறிவிப்புக்கும் ஒரே வாய்பாடுதான்: இன்ன தேதியில் பிறந்த, இன்ன மாவட்டத்தைச் சொந்த மாவட்டமாகக் கொண்ட, இன்ன முகவரியில் வசிக்கும் நான், இனிமேல் இன்ன பெயரால் அழைக்கப்படுவேன். கீழே ஊர், தேதி, பழைய பெயர். கல்யாணமானவர், மதம் மாறியவர், ஜோசியர் சொன்னபடி ஓர் எழுத்தைக் கூட்டியவர், பள்ளிக்கூடத்தில் யாரோ தப்பாக எழுதியதை இத்தனை வருடம் சுமந்தவர் என எல்லோரும் அங்கே அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

அந்தப் பக்கங்களில் அச்சுத்துறை இயக்குநரின் பெயரால் ஓர் எச்சரிக்கையும் இருக்கும். அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. பெயர் மாற்ற அறிவிப்புகளை வெளியிடுவதால் அரசு எந்தச் சட்டப் பொறுப்பையும் ஏற்காது, விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் அறிவிப்பு கொடுத்தவரே முழுப் பொறுப்பு என்கிறது அது.

பெயர் மாற்றத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அந்த எச்சரிக்கையில்தான் இருக்கிறது. அரசு உங்களுக்குப் புதுப் பெயர் வைப்பதில்லை. ‘பெயர் மாற்றச் சட்டம்’ என்று தனியாக ஒன்று நம் நாட்டில் கிடையாது. பெயரை மாற்றிக்கொள்கிறவர் நீங்கள். ஊரறியச் சொல்லிவிட்டீர்கள் என்பதற்குத்தான் அரசிதழ் சாட்சி. அந்தச் சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கி என்று ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களேதான் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி விதி, தனிப் பட்டியல். பழைய பெயரில் இருந்தவரும் புதுப் பெயரில் வந்து நிற்பவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதே மொத்த வேலையும். புதுப் பெயர் எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இந்த நிரூபணத்துக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கல்யாணமானதும் பெண் தன் பெயரை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதைக் கல்யாண வீட்டில் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். “பாஸ்போர்ட்டில் மாற்றாவிட்டால் விசா கிடைக்காதாமே” என்பார்கள். கிடைக்கும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவன் அல்லது மனைவியின் பெயருக்கென்று தனி இடம் உண்டு. தன் பெயரில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், அந்த இடத்தில் மட்டும் கணவர் பெயரைச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளலாம். பான் அட்டையில் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயர்தான் இருக்கும்; கணவர் பெயருக்கு அதில் இடமே இல்லை. ஆதாரில் கணவர் பெயர் வருவது முகவரிப் பகுதியில். அது பெயர் மாற்றக் கணக்கில் சேராது.

ஆக, கணவர் பெயர் ஆவணத்தில் எங்காவது இருந்தால் போதும் என்பவர்களுக்குப் பெயர் மாற்றமே தேவையில்லை. திருமணச் சான்று ஒன்று போதும். என்னைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேருடைய தேவை இதோடு முடிந்துவிடும் என்பேன். மீதிப் பேர் உண்மையிலேயே மாற்ற விரும்புகிறவர்கள். இனி வருவது அவர்களுக்கு.

நம் ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வடக்கே குடும்பப் பெயர் மாறும். நமக்கு இனிஷியல் மாறும். அப்பாவின் முதலெழுத்து போய்க் கணவரின் முதலெழுத்து வரும். வீட்டில் இது இயல்பாக நடந்துவிடுகிறது. பத்திரிகையிலும் வாழ்த்து அட்டையிலும் மறுநாளே புது இனிஷியல் வந்துவிடும். ஆனால் அரசு ஆவணங்களின் கண்ணில் இனிஷியல் மாறுவதும் பெயர் மாற்றமே. அரசிதழைப் புரட்டினால் ஒரே ஓர் எழுத்து மாறிய அறிவிப்புகள் நிறையக் கிடைக்கும்.

மலர்விழியின் காகிதங்கள்

ஓர் உதாரணத்துக்காக, திருநெல்வேலியில் மலர்விழி என்று ஒரு பெண் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா சண்முகம். கணவர் கதிரேசன். பள்ளிக்கூடத்தில் அவர் எஸ். மலர்விழி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் S என்று ஓர் எழுத்து. பான் அட்டை வாங்கப் போனபோது முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் தனி எழுத்து கூடாது என்றார்கள். அதனால் அங்கே இனிஷியல் விரிந்து MALARVIZHI SHANMUGAM ஆனது. பாஸ்போர்ட்டிலும் அப்படியே, குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். ஆதாரில் மட்டும் வெறும் ‘மலர்விழி’. பெயர் எடுத்தவர் அவ்வளவுதான் தட்டினார். கல்யாணத்துக்கு முன்பே ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர்கள்.

இந்த நிலையில் அவர் மலர்விழி கதிரேசன் ஆக விரும்புகிறார். நேராகப் புதுப் பெயருக்குத் தாவினால், ஆதார் மையத்தில் உட்கார்ந்திருப்பவர் மூன்று பழைய பெயர்களில் எந்தப் பெயரிலிருந்து மாறுகிறீர்கள் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆகவே முதல் வேலை, எல்லா ஆவணத்தையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவது. கணவரின் ஆவணங்களையும் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவர் ஆதாரில் KATHIRESAN, பாஸ்போர்ட்டில் KADHIRESAN என்று இருந்தால் மனைவி எந்த எழுத்துக்கூட்டலை எடுப்பது? முதலில் அவருடையது நேராக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய பிழை இவருடைய பெயருக்குள்ளும் குடியேறிவிடும்.

அடுத்தது திருமணச் சான்று. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து 90 நாள் அவகாசம். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். கோயிலிலோ மண்டபத்திலோ தரும் ரசீது, பதிவுக்கு ஆதாரமாக உதவும். பெயர் மாற்றத்துக்கு உதவாது. சார் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு கவனம் தேவை. மணமகள் பெயர் என்ற இடத்தில் பலர் ஆசையாகப் புது இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். அது கூடாது. சான்றில் இருக்க வேண்டியது கல்யாணத்துக்கு முந்தைய பெயர், அதுவும் ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடி. அந்தச் சான்றின் மதிப்பே பழைய பெயர்க்காரிக்கும் இந்தக் கணவருக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதுதான். புதுப் பெயரைப் போட்டுவிட்டால் பழைய பெயர்க்காரி யார் என்று அது சொல்லாது.

இதிலேயே அந்தச் சான்றின் எல்லையும் தெரிகிறது. எஸ். மலர்விழிக்கும் கதிரேசனுக்கும் கல்யாணம் நடந்தது என்று அது சொல்கிறது. இனிமேல் அவர் கே. மலர்விழியா, மலர்விழி கதிரேசனா, மலர்விழி சண்முகம் கதிரேசனா என்று சொல்வதில்லை. பல அலுவலகங்கள் கணவர் பெயர் சேர்ந்திருப்பதைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும். அங்கெல்லாம் திருமணச் சான்றே போதும், அரசிதழ் வேண்டாம். இனிஷியல் மட்டும் மாறும்போதும், சொந்தப் பெயரே மாறும்போதும், ஏற்கெனவே ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போதும் திருமணச் சான்று தடுமாறும். மலர்விழிக்கு மூன்று பழைய பெயர்கள் இருப்பதால், அரசிதழுக்குப் போவதே நல்லது.

அரசிதழ் வேலை

தமிழ்நாட்டில் இதைச் செய்வது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. விண்ணப்பமும் விதிமுறையும் stationeryprinting.tn.gov.in தளத்தில் உள்ளன. கட்டணம் பெரிய தொகை இல்லை. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதைக் கட்டினால் போதும். ஜெராக்ஸ் கடை வாசலில் “கெஜட் போட்டுத் தருகிறோம்” என்று பலகை வைத்திருப்பவர் கேட்கும் தொகைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

விண்ணப்பத்தோடு பிறந்த தேதிக்கு ஆதாரம் வேண்டும். பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்றிதழ். சான்றொப்பம் பெற்ற புகைப்படம் வேண்டும். கல்யாணத்தால் மாறுகிறவர் திருமணச் சான்றின் நகல் வைக்க வேண்டும். விவாகரத்தால் மாறுகிறவர் நீதிமன்றத் தீர்ப்பு நகலும், தத்துப் பிள்ளைக்கு மாற்றுகிறவர் தத்துப் பத்திரமும், மதம் மாறியவர் அதற்கான சான்றும் வைக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ விண்ணப்பிப்பார்கள். அறிவிப்பும் ‘என் மகன்’, ‘என் மகள்’ என்றே வரும்.

விண்ணப்பத்தில் தலைவிதியைத் தீர்மானிப்பவை இரண்டு கட்டங்கள்: பழைய பெயர், புதுப் பெயர். மலர்விழி பழைய பெயராக எதை எழுதுவது? வலுவான அடையாள ஆவணத்தில் உள்ளதை எழுத வேண்டும். அவர் விஷயத்தில் பான், பாஸ்போர்ட் இரண்டிலும் உள்ள மலர்விழி சண்முகம். அப்படியானால் சான்றிதழில் உள்ள எஸ். மலர்விழி? அதற்குத்தான் நோட்டரி முன் எழுதும் பிரமாணப் பத்திரம். ‘ஒன் அண்ட் சேம்’ அஃபிடவிட் என்று நீதிமன்ற வளாகத்தில் கேட்டாலே புரிந்துகொள்வார்கள். எஸ். மலர்விழி, மலர்விழி, மலர்விழி சண்முகம் ஆகிய மூன்று பெயர்களும் என்னையே குறிக்கும் என்று, எந்தெந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்பதையும் சேர்த்து, உறுதி கூறி ஒப்பமிடுவது. அரசிதழ் செய்வது ஒரு பழைய பெயரிலிருந்து ஒரு புதுப் பெயருக்கு. பழைய பெயர்களுக்குள் இருக்கும் பிணக்கைத் தீர்ப்பது பிரமாணப் பத்திரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம் திரும்பி வருகிறார்கள். ஒருவர் தனக்குத் தானே எழுதிய உறுதிமொழியை மட்டும் வைத்துப் பெரிய மாற்றத்தை யாரும் ஏற்பதில்லை.

புதுப் பெயர் கட்டத்தில், நாளைக்கு எல்லா ஆவணத்திலும் எப்படி வர வேண்டுமோ அப்படி எழுத வேண்டும். இங்கே கே. மலர்விழி என்று எழுதினால் பான் அலுவலகம் மறுபடியும் இனிஷியலை விரிக்கச் சொல்லும். விரித்தால் அது அரசிதழில் உள்ள பெயராக இருக்காது. எனவே மலர்விழி கதிரேசன் என்று முழுதாகவே எழுதுவது புத்திசாலித்தனம். வெளியான இதழ் கைக்கு வந்த அன்றே எழுத்தெண்ணிப் படித்துவிட வேண்டும். அச்சுப் பிழை இருந்தால் உடனே தெரிவித்தால் திருத்தம் வரும். இரண்டு வருடம் கழித்து பாஸ்போர்ட் அலுவலகத்தில் கண்டுபிடித்தால் அச்சுத்துறையைத் திட்டிப் பயனில்லை.

மத்திய அரசிதழ் என்று இன்னொன்றும் உண்டு. டெல்லியில் வெளியீட்டுத் துறை அதை நடத்துகிறது. செய்தித்தாள் விளம்பரம், சாட்சிகள் என்று அங்கே கேட்பவை அதிகம். மத்திய அரசு ஊழியருக்கு அது தேவைப்படும். மற்றவர்களுக்கு மாநில அரசிதழே பெரும்பாலும் போதும். அரசு வேலையில் இருப்பவர் மத்தியோ மாநிலமோ, முதலில் தன் துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டே தொடங்க வேண்டும். பணிப்பதிவேட்டில் ஏறாத பெயர் ஓய்வூதியத்தின்போது வந்து நிற்கும்.

எது முன், எது பின்

அரசிதழ் கைக்கு வந்ததும் மலர்விழி எங்கே போவது? ஆதாருக்கு. மற்ற எல்லாரும் ஆதாரைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். எழுத்துப்பிழை திருத்தியதும் அந்த இரண்டில் சேரும். மலர்விழி அவசரப்பட்டு முதலில் ‘மலர்விழி’யை ‘மலர்விழி சண்முகம்’ என்று திருத்தி, அப்புறம் கணவர் பெயருக்கு மாற்றினால் இரண்டும் தீர்ந்துவிட்டது. இரண்டாவது முறை அங்கே தட்டுபவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், ஆதார் மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே அரசிதழ், திருமணச் சான்று, பழைய பெயரில் புகைப்படம் உள்ள அடையாள அட்டை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே முறையில் மாற்ற முயல்வது நல்லது. ரசீதில் வரும் பெயரை அங்கேயே நின்று, ஆங்கிலம் தமிழ் இரண்டிலும் படித்த பிறகே நாற்காலியை விட்டு எழ வேண்டும். தமிழ் எழுத்தை இயந்திரமே ஊகித்துப் போடுவதால் அதில்தான் பிழை அதிகம்.

அடுத்து பான். பானும் ஆதாரும் இணைக்கப்பட்டிருப்பதால் இரண்டிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். ஆதார் மாறிப் பான் மாறாமல் நீண்ட நாள் இருந்தால் எங்காவது சரிபார்ப்பு தோற்கும். பான் திருத்தத்துக்குப் பல வருடங்களாக இருந்துவந்த சான்றுப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி உண்டு. கல்யாணத்தால் பெயர் மாறிய பெண்கள் திருமணச் சான்றுக்குப் பதிலாகக் கல்யாணப் பத்திரிகையையும் கொடுக்கலாம்! மஞ்சள் தடவிய அழைப்பிதழை வருமான வரித்துறை மதித்ததில் சந்தோஷம்தான். இருந்தாலும் அதை நம்பி மற்ற அலுவலகங்களுக்குப் போக வேண்டாம்.

வங்கியில் நடப்பது வேறு கதை. “எல்லாவற்றையும் புதுப் பெயரில் மாற்றிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் கிளைகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அடையாள விதிகள் அப்படிச் சொல்லவில்லை. அடையாள ஆவணம் வழங்கப்பட்ட பிறகு பெயர் மாறியிருந்தாலும், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ உடன் இருந்தால் அந்தப் பழைய ஆவணமே செல்லும் என்று அந்த விதிகளில் தெளிவாக இருக்கிறது. கிளையில் தகராறு வந்தால் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலைச் சொல்லிப் பாருங்கள். பேச்சின் தொனி மாறும். வங்கிக்குப் போகும்போது பழைய கையெழுத்து, புதுக் கையெழுத்து இரண்டையும் போட்டுக்காட்டச் சொல்வார்கள். பழைய பெயரில் வந்த காசோலையோ வரித் திருப்பமோ பாக்கி இருந்தால் அது கணக்கில் ஏறிய பிறகு மாற்றுவது மேல்.

பாஸ்போர்ட்டைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். அங்கே திருத்தம் என்று ஒன்று இல்லை. முழுப் புத்தகமும் மறுவெளியீடு. கல்யாணத்தால் மாறினால் திருமணச் சான்று, அல்லது கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தோடு கூட்டு உறுதிமொழி. சொந்த விருப்பத்தில் முழுப் பெயரும் மாறினால் அரசிதழோடு புதுப் பெயரில் வேறு அரசு ஆவணங்களும் கேட்பார்கள். அதனால்தான் ஆதாரும் பானும் முன்னால் முடிய வேண்டும். தேனிலவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். விமான டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். போய் வந்த பிறகு விண்ணப்பியுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், புதுப் பெயரோடு அது செல்லுமா என்று அந்த நாட்டுத் தூதரகத்திடம் கேட்டுக்கொண்ட பிறகே கைவைக்க வேண்டும்.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. மற்றவை இந்த நான்கைப் பின்தொடர்ந்து வந்துவிடும்.

மாறாதவையும் உண்டு. மலர்விழியின் மதிப்பெண் சான்றிதழையும் பட்டத்தையும் கல்யாணத்துக்காக யாரும் மாற்றி அச்சடித்துத் தரப்போவதில்லை. சாதிச் சான்று பிறப்பை வைத்துக் கொடுப்பது. அதில் அப்பா பெயர் நிற்கும், கல்யாணத்தால் சாதியும் மாறாது. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் ஒரு பெயரிலும் ஆதார் ஒரு பெயரிலும் இருக்கும். இதைக் காரணம் காட்டிப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் வயதில் இது தேவையில்லாத தலைவலி.

என் பெயர், என் விருப்பம்

கல்யாணம் இல்லாமல் விருப்பத்தால் மாற்றுகிறவர்களில் எண் கணிதக்காரர்களின் வாடிக்கையாளர்கள் கணிசம். பெயரில் ஒரு n அல்லது ஒரு a கூடும். உச்சரிப்பு மாறாது, தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆங்கில எழுத்து ஒன்று கூடினாலும் ஆவணத்துக்கு அது வேறு பெயர். அரசிதழிலிருந்து பாஸ்போர்ட் வரை மேலே சொன்ன முழு ஊர்வலமும் போக வேண்டும். கையெழுத்திலும் விசிட்டிங் கார்டிலும் மட்டும் கூட்டிக்கொண்டு அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்ப்பது மலிவான வழி.

வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக்கொள்கிறவர்கள், சாதி தெரியும் பின்னொட்டைக் கழற்றுகிறவர்கள், அப்பா விட்டுப்போன வீட்டில் அம்மாவின் முதலெழுத்தை வைத்துக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் அரசிதழே வழி. திருமணச் சான்று போன்ற துணை ஆவணம் அவர்களுக்கு இல்லை என்பதால், அரசிதழோடு இரண்டு நாளிதழ்களில் விளம்பரமும் கொடுத்துக் கத்தரித்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும். முழுப் பக்கமாக வைக்க வேண்டும். நாளிதழின் பெயரும் தேதியும் தெரியாத துண்டு வெறும் துண்டுதான்.

விருப்பத்தால் பெயரை மாற்றும் உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் மாதம் ஜிக்யா யாதவ் வழக்கில் விரிவாகப் பேசியது. பெயர் ஒருவருடைய அடையாளம். அதைத் தீர்மானிப்பது கருத்துரிமையின் பகுதி என்றது. சிபிஎஸ்இ தன் சான்றிதழில் பெயரை மாற்றவே மாட்டேன் என்று விதி போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்றும் சொன்னது. அதே சமயம் இரண்டு வகையைப் பிரித்தது. பள்ளிப் பதிவுக்கும் பிறப்புச் சான்றுக்கும் ஒத்துப்போகும் திருத்தம் ஒன்று. வளர்ந்த பிறகு தானே எடுத்துக்கொண்ட புதுப் பெயர் இன்னொன்று. இரண்டாவதற்கு நீதிமன்ற அனுமதி, அரசிதழ் வெளியீடு போன்ற நிபந்தனைகளை வாரியம் கேட்கலாம். நிறைவேற்றினால் பழைய பெயரையும் குறிப்பிட்டுப் புதுச் சான்றிதழ் தரலாம். ஆக, உரிமை உண்டு. ஆனால் பழைய பெயரின் தடத்தை அழித்துவிட முடியாது.

திருநர்களின் பாதை வேறு. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று பெற்றவர், அதைக் காட்டியே பிறப்புச் சான்று உட்பட எல்லா ஆவணங்களிலும் முதல் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமை பெறுகிறார். சட்டத்தில் இது நேராக எழுதப்பட்டிருக்கிறது. அரசிதழ் கொண்டுவா என்று கேட்கும் அலுவலரிடம் ஏழாவது பிரிவைக் காட்டலாம்.

திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விவாகரத்துக்குப் பிறகு அப்பா பெயருக்கே வர நினைக்கும் பெண்ணுக்குத் தீர்ப்பு நகல் போதுமான ஆதாரம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மாற வேண்டும் என்றால் சிரமம். மத்திய அரசிதழ் அலுவலகம் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது கணவரின் ஆட்சேபமின்மைக் கடிதம் கேட்டது. அதை எதிர்த்து 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்கே போனது. தன் பெயரைத் திரும்ப எடுக்கக் கணவரிடம் கையெழுத்து வாங்கு என்பது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கல்யாணத்தின்போது ஆவணங்களை மாற்றாமல் பேச்சுவழக்கில் மட்டும் கணவர் இனிஷியலைப் போட்டுக்கொண்ட பெண்களுக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் ஆவணத்தில் கிளம்பவே இல்லை.

கடைசியாக, சொத்து. மலர்விழி கல்யாணத்துக்கு முன் தன் பெயரில் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம் அப்படியே செல்லும். பெயர் மாறியதற்காக அதைத் திருத்த வேண்டியதில்லை. விற்கும் நாளில்தான் கேள்வி வரும். அப்போது ஆவண எழுத்தர் விற்பவர் விவரத்தில் ‘முன்பு மலர்விழி சண்முகம் என்றும், தற்போது மலர்விழி கதிரேசன் என்றும் அழைக்கப்படும்’ என்று எழுதி, அரசிதழின் தேதியையும் பக்க எண்ணையும் அதிலேயே சேர்த்துவிடுவார். வாங்குகிறவரின் வக்கீல் அந்த இதழைக் கேட்பார். பெற்ற பிள்ளையின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் பழையபடி இருந்தால், பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் அதே இதழைக் கேட்பார்கள். எனவே வெளியானவுடன் அந்தப் பக்கத்தையும் இதழின் முகப்புப் பக்கத்தையும் சேர்த்து நாலைந்து நகல் எடுத்து நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி, மூலப் பிரதியைக் கிரயப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் வைத்துவிடலாம்.